அலங்காரத்தம்மாளுக்குத் தீர்ப்பு எழுதாமல் பேசுவது எப்படி?

தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ 1966-இல் வெளிவந்த நாவல். வாசகர் வட்டத்தில் இதை எடுத்துக்கொண்டால் கொஞ்ச நேரத்திலேயே யாராவது கேட்டுவிடுவார்: “அலங்காரத்தம்மாள் செய்தது சரியா, தப்பா?” அவ்வளவுதான், கூட்டம் இரண்டு கட்சியாகிவிடும். அரை மணி கழித்துப் பார்த்தால் யாரோ தெரிந்தவர் வீட்டுக் கதை ஓடிக்கொண்டிருக்கும்; புத்தகம் மூடியே கிடக்கும்.

கேள்விதான் பிழை. கணவனும் பிள்ளைகளும் இருக்க, சிவசுவோடு உறவு வைத்திருப்பவள் அலங்காரம். அதைச் சரி, தப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அவள் அப்புவைச் சிறுவயதிலேயே காவிரிக்கரை வேதபாடசாலைக்கு ஏன் அனுப்பினாள் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை வேதம் படித்து வந்தால் தன் பாவம் கரையும் என்று நினைக்கிறாளா? அப்படியானால் தான் செய்வது பாவம் என்று அவளே நம்புகிறாள். நம்பியும் ஏன் விடவில்லை? இதற்குப் பதில் சொல்லப் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும் என்பதால், காட்சியைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

அடுத்தது தண்டபாணி. ஊருக்கு வேதாந்தம் சொல்லும் இந்தக் கணவரை ‘பாவம், அப்பாவி’ என்று பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு இவர்தான் நாவலின் கடினமான முடிச்சு. அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று ஜானகிராமன் எங்கே உணர்த்துகிறார்? அந்த மௌனம் பெருந்தன்மையா, கையாலாகாத்தனமா, அல்லது மனைவிக்கு அவர் தரும் தண்டனையா? மூன்றுக்கும் நாவலில் இடம் இருக்கிறது. உறுப்பினர்கள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு சான்று காட்டினால் பேச்சு நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

இந்துவைப் பற்றிய கேள்வியை இதற்குப் பிறகு வையுங்கள். அவள் பாடசாலையை நடத்தும் பவானியம்மாளின் உறவுப் பெண், இளம் விதவை. அப்புவின் மேல் உள்ள ஆசையை ஒளிக்காதவள். அம்மாவைப் பார்த்துக் குமுறும் அப்பு கடைசியில் இந்துவிடம் போய்ச் சேருகிறான். அம்மாவை அளந்த அதே கோலால் இந்துவை அளக்கிறானா? அந்தக் கோல் எங்கே மாறியது? இங்கே ஆண்களும் பெண்களும் வேறுவேறாகப் படித்திருப்பது தெரியவரும். யாரையும் அடக்க வேண்டாம், “எந்தக் காட்சியில் அப்படித் தோன்றியது?” என்று மட்டும் கேளுங்கள்.

கடைசிக் கேள்வி காசி. அலங்காரம் அங்கே போகிறாள். அது பிராயச்சித்தமா, பிள்ளை கைவிட்டதால் வந்த விரக்தியா, முதல்முறையாக அவளே எடுத்த முடிவா? ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் நான்கு கேள்விகளே தாராளம். அதிலும் இதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.