மேல்தளத்துக்கு எத்தனை மூட்டை?

வீட்டுக்கு மேல்தளம் போடுவதற்குச் சில நாள் முன்பு மேஸ்திரி ஒரு துண்டுச்சீட்டைக் கொடுப்பார். சிமென்ட் 75 மூட்டை, எம்-சாண்ட் ஒன்றரை யூனிட், முக்கால் ஜல்லி இரண்டே முக்கால் யூனிட். வீட்டுக்காரர் அதைக் கடையில் கொடுத்துவிட்டு வருவார். அனுபவமுள்ள மேஸ்திரி எழுதிய சீட்டு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனாலும் அந்த 75 எப்படி வந்தது என்று வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர், கான்கிரீட் போடும் நாளில் காலி மூட்டைகளை எண்ணியே தளத்தின் கனமும் கலவையும் சரியாகப் போகின்றனவா என்று சொல்லிவிட முடியும்.

30 அடி நீளம், 25 அடி அகலம் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சுவரின் மேல் தளம் உட்காரும் பகுதியும் கான்கிரீட்தான் என்பதால், அளவை வெளிச்சுவரின் வெளிவிளிம்பிலிருந்து எடுக்க வேண்டும். அறைக்குள் நின்று டேப் பிடித்தால் கணக்கு குறைந்துவிடும். 30-ஐ 25-ஆல் பெருக்க 750 சதுர அடி. மாடிப்படிக்காக 8 அடிக்கு 3 அடி திறப்பு விடப்படுகிறது; அந்த 24-ஐக் கழித்தால் 726 சதுர அடி. தளத்தின் கனம் 5 அங்குலம். அதை 12-ஆல் வகுத்து அடியாக மாற்றிப் பெருக்கினால் 302.5 கன அடி வரும்.

அடுத்தது பீம். ஹாலின் குறுக்கே 24 அடி நீளத்தில், 9 அங்குல அகலத்தில், மொத்தம் 15 அங்குல உயரத்தில் ஒரு பீம் போகிறது. அதன் மேல் 5 அங்குலம் தளத்தோடு ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. கீழே தொங்கும் 10 அங்குலத்தை மட்டுமே சேர்க்க வேண்டும். பலர் முழு 15 அங்குலத்தையும் சேர்த்து ஒரே கான்கிரீட்டை இருமுறை எண்ணிவிடுகிறார்கள். தொங்கும் பகுதி 15 கன அடி. ஆக மொத்தம் 317.5 கன அடி. ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. எனவே ஏறக்குறைய 9 கன மீட்டர். உள்ளே கிடக்கும் கம்பியின் அளவைக் கழிக்கும் வழக்கமில்லை. அது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும்.

இந்தப் பெருக்கலில் வரும் மூன்று எண்களும் ஒரே மாதிரி முக்கியமானவை அல்ல. நீளத்தை அரை அங்குலம் தவறாக அளந்தால் கணக்கு அரை கன அடிகூட மாறாது. கனத்தில் அதே அரை அங்குலம் தவறினால் 30 கன அடி மாறிவிடும். அதாவது ஏழு மூட்டை சிமென்ட். ஆகவே நீள அகலத்தை ஒருமுறை அளந்தால் போதும், கவனம் முழுவதும் கனத்தின் மேல்தான் இருக்க வேண்டும். சென்ட்ரிங் தகடுகள் மட்டமாக இல்லாமல் அறையின் நடுவில் தொய்ந்திருந்தால், மேற்பரப்பை மட்டம் பிடிக்கும்போது அந்தப் பள்ளம் முழுவதையும் கான்கிரீட் நிரப்பும். சுவருக்குச் சுவர் நூல் கட்டி, நூலிலிருந்து தகடு வரை ஏழெட்டு இடங்களில் அளந்து, அந்த அளவுகளின் சராசரியைக் கனமாக வைத்துக்கொள்வதே சரியான முறை. 5 அங்குலம் என்று வரைபடம் சொல்லலாம். சீட்டில் எழுத வேண்டியது தகட்டின் மேல் அளந்த எண்ணைத்தான்.

9 கன மீட்டர் என்பது கலந்து, தண்ணீர் ஊற்றி, இறுக்கி முடித்த கான்கிரீட்டின் அளவு. அதற்காகக் கடையிலிருந்து 9 கன மீட்டர் பொருள் வாங்கினால் போதாது. ஒரு வாளி நிறைய ஜல்லியை எடுத்து அதன் மேல் மணலைக் கொட்டிப் பார்த்தால் காரணம் புரியும். கணிசமான மணல் வழியாமலே உள்ளே இறங்கிவிடும், ஏனென்றால் ஜல்லிக்கு இடையில் அவ்வளவு வெற்றிடம் இருக்கிறது. மணலுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் சிமென்ட் கூழ் இறங்கும். அதனால் உதிரியாக அளந்த பொருள்களின் கூட்டுத்தொகை, கான்கிரீட் ஆனதும் சுருங்கிவிடுகிறது. இந்தச் சுருக்கத்துக்காகக் கட்டடத் துறையில் 1.54 என்ற எண்ணால் பெருக்குவது வழக்கம். இது நடைமுறை எண்தான். ஜல்லியின் அளவும் வடிவும், மணலின் நயமும் மாறினால் சற்றுக் கூடும் அல்லது குறையும். 9-ஐ 1.54-ஆல் பெருக்கினால் 13.86 கன மீட்டர் உதிரிப் பொருள் தேவை.

இதை எப்படிப் பங்கிடுவது? கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்20 தரம் வேண்டும் என்கிறது 2000-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 விதிநூல். சிறிய வீடுகளில் அதற்குப் பயன்படும் கலவை விகிதம் 1:1.5:3. சிமென்ட் ஒரு பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, ஜல்லி மூன்று பங்கு. மொத்தம் ஐந்தரைப் பங்கு. 13.86-ஐ 5.5-ஆல் வகுக்க ஒரு பங்கு 2.52 கன மீட்டர். அதுவே சிமென்ட். உதிரி சிமென்ட் கன மீட்டருக்கு 1,440 கிலோ என்று கொண்டால் சுமார் 3,630 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 72.6. சிந்துவது, சட்டியில் ஒட்டுவது எல்லாவற்றுக்கும் நூற்றுக்கு மூன்று சேர்த்தால் 75 மூட்டை. மேஸ்திரியின் சீட்டிலிருந்த எண் இதுதான்.

மணல் ஒன்றரைப் பங்கு, 3.78 கன மீட்டர். கன அடியில் 133. ஜல்லி அதைப்போல் இரு மடங்கு, 267 கன அடி. தமிழ்நாட்டில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆகவே ஜல்லி இரண்டே முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. மணல் ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று அதிகம். சீட்டில் மட்டும் ஏன் ஒன்றரை யூனிட் மணல்?

காரணம் ஈரம். மணல் துகளைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் படிந்தால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நிற்கும், குவியல் உப்பிவிடும். ஐந்து சதவீத ஈரமே மணலின் அளவை 20, 25 சதவீதம் கூட்டிவிடக்கூடும். மணல் எவ்வளவு நயமோ அவ்வளவு அதிகம் உப்பும். எம்-சாண்டும் இதற்கு விலக்கல்ல. 25 சதவீதம் உப்பிய மணல் என்றால் 133-க்குப் பதில் 167 கன அடி அளந்து வாங்க வேண்டும்; ஒன்றரை யூனிட்கூடப் போதாது.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. நேரான கண்ணாடிக் குடுவையில் ஈர மணலை 20 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட்டு, மணல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, குச்சியால் நன்றாகக் கிளறி, படியவிட வேண்டும். முழுக்க நனைந்த மணல் காய்ந்த மணலின் அளவுக்கே திரும்பிவிடும். மட்டம் 16-க்கு இறங்கினால், இறங்கிய 4-ஐ 16-ஆல் வகுக்க 25 சதவீதம். அந்த அளவுக்குப் பெட்டியிலும் மணலைக் கூட்டிப் போட வேண்டும். கூட்டாவிட்டால் கலவையில் மணல் குறையும், ஜல்லி வரட்டியாக நிற்கும். சென்ட்ரிங்கைப் பிரிக்கும்போது தளத்தின் அடியில் ஜல்லி வெளித்தெரியும் ஓட்டைகளைப் பார்க்க நேரிடும்.

ஈர மணலோடு தண்ணீரும் வருகிறது. எம்20 கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டர்தான் உச்சவரம்பு. 3.78 கன மீட்டர் மணல் ஏறக்குறைய ஆறு டன். அதில் நான்கு சதவீதம் ஈரம் என்றாலே 240 லிட்டர், மூட்டைக்கு மூன்று லிட்டருக்கு மேல். கலவை மெஷினில் ஊற்றும் தண்ணீரில் அதைக் கழிக்காவிட்டால், அளவாகத்தான் ஊற்றுகிறோம் என்று நம்பிக்கொண்டே கான்கிரீட்டைப் பலவீனமாக்குவோம்.

பங்குகளைச் சட்டி எண்ணிப் போடுவது ஆபத்தான பழக்கம். ஒருவர் குவித்து அள்ளுவார், இன்னொருவர் தட்டையாக அள்ளுவார். ஒரு மூட்டை சிமென்ட் சுமார் 35 லிட்டர். 40 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 25 உயரம் என்று உள்ளளவு வைத்து ஒரு மரப்பெட்டி செய்தால் சரியாக 35 லிட்டர் பிடிக்கும். மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. மேற்பகுதியை ஒரு கட்டையால் வழித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு கிடைக்கும்.

சில இடங்களில் இன்னும் 1:2:4 விகிதமே புழங்குகிறது. அது எம்15 தரம், மேல்தளத்துக்கு ஏற்றதல்ல. அந்த விகிதத்தில் இதே தளத்துக்கு 57 மூட்டை போதும். பதினைந்து மூட்டை மிச்சம் என்பதுதான் அதன் ஈர்ப்பு. கடலோரத்தில் வீடு கட்டுபவர்களுக்கோ 1:1.5:3 கலவையும் போதாது. அங்கே விதிநூல் எம்30 கேட்கிறது, அதைப் பெட்டியால் அளந்து கலக்க முடியாது. பொறியாளர் எடைக்கணக்கில் வடிவமைத்துத் தர வேண்டும்.

ரெடிமிக்ஸ் வாங்குபவர் 1.54-ஐத் தொடவே கூடாது. லாரியில் வருவது ஏற்கெனவே கலந்த ஈரக் கான்கிரீட். 9 கன மீட்டர் தளத்துக்கு, பம்பிலும் குழாயிலும் தங்குவதற்காகச் சற்றுக் கூட்டி 9.5 சொன்னால் சரி. 13.86 என்று சொன்னால் நான்கு கன மீட்டருக்கு மேல் வீணாகும்.

கான்கிரீட் போடும் நாளில் இதே கணக்கைத் திருப்பிப் போடலாம். 317.5 கன அடியை 72.6-ஆல் வகுத்தால் ஒரு மூட்டைக்கு சுமார் 4.4 கன அடி. 5 அங்குலத் தளத்தில் அது பத்தரை சதுர அடியை மூடும். பீமை நிரப்ப மூன்றரை மூட்டை போகும். அதைத் தனியாக வைத்துவிட வேண்டும். பிறகு 20 மூட்டை முடிந்ததும், போட்ட பரப்பை டேப்பால் அளக்கலாம். 210 சதுர அடி வர வேண்டும். பத்திருபது அடி கூடுவதோ குறைவதோ இயல்பு. 250 வந்திருந்தால் தளம் நாலேகால் அங்குலமாகப் போகிறது, இல்லையேல் கலவையில் சிமென்ட் குறைகிறது. ஈரக் கான்கிரீட்டில் ஒரு கம்பியைத் தகடு வரை செருகி எடுத்து அளந்தால் இரண்டில் எது என்று உடனே தெரியும். 180 சதுர அடிதான் மூடியிருக்கிறது என்றால் சென்ட்ரிங் எங்கோ தொய்ந்திருக்கிறது. அப்போது இருப்பிலுள்ள மூட்டை முழுத் தளத்துக்கும் வராது. பாதியில் நிறுத்திய கான்கிரீட் இறுகிவிட்டால் மறுநாள் போடுவது அதோடு சரியாக ஒட்டாது, அந்த இணைப்பில்தான் பின்னாளில் நீர் கசியும். எனவே கடைக்கு ஆள் அனுப்ப வேண்டிய நேரம் அதுதான், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகல்ல.