மாடல் கட்டிய சேலையும் கடையில் இருக்கும் சேலையும்

பட்டுச்சேலையை மேஜையில் மடித்து வைத்து, கைபேசியில் ஒரு படம் எடுத்து ஏஐ செயலியில் போட்டால், சற்று நேரத்தில் ஒரு பெண் அதைக் கட்டிக்கொண்டு கோயில் மண்டபத்தில் நிற்கிறாள். மாடலுக்குக் கூலி இல்லை, ஸ்டுடியோ வாடகை இல்லை. வாட்ஸ்அப்பில் சேலை விற்கும் கடைக்காரரான உங்களுக்கு இது நல்ல வசதிதான். ஆனால் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பியவர் பெட்டியைப் பிரித்ததும் "இது வேறே சேலைங்க" என்று போன் செய்தால், அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

காரணம் இது. செயலி உங்கள் சேலையை எடுத்து அந்தப் பெண்ணுக்குக் கட்டிவிடுவதில்லை. நீங்கள் கொடுத்த படத்தை ஒரு குறிப்பாக வைத்துக்கொண்டு, அர்த்தமில்லாத புள்ளிக் கூட்டத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் புதுப் படம் ஒன்றை வரைகிறது. குறிப்பில் தெரியாததையெல்லாம், ஏற்கெனவே பார்த்துப் பழகிய ஏராளமான சேலைப் படங்களின் சாயலில் அதுவே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

ஒரு காஞ்சிப்பட்டை எடுத்துக்கொள்வோம். மயில் கழுத்து நிற உடல், நான்கு அங்குல அரக்குக் கோர்வைக் கரை, கரையில் அன்னமும் யாளியும் மாறி மாறி. மடித்து எடுத்த படத்தில் உடலும் ஒரு பக்கக் கரையும்தான் தெரிகின்றன. முந்தி மடிப்புக்குள் இருக்கிறது. ஆனாலும் வந்த படத்தில் தோளிலிருந்து முந்தி அழகாக இறங்குகிறது. அந்த முந்தி உங்கள் கடையிலேயே இல்லை! மறுபக்கக் கரையும் அப்படித்தான்: உங்கள் சேலையில் அது சிறு கரையாக இருந்தாலும், படத்தில் இரண்டு பக்கமும் பெரிய கரையாகிவிடலாம்.

கரையிலுள்ள உருவங்களுக்கு வருவோம். ஐந்தே கால் அடிப் பெண் தலை முதல் கால் வரை நிற்கும் படம் ஆயிரம் புள்ளி உயரம் என்றால், ஓர் அங்குலத்துக்குச் சுமார் 16 புள்ளிகள்தான் கிடைக்கும். ஒன்றரை அங்குல அன்னம் 24 புள்ளிகளுக்குள் அடங்க வேண்டும். அலகுக்கும் இறகுக்கும் அதில் இடமேது? பறவை போல ஒன்று, விலங்கு போல ஒன்று, கொசுவத்துக்குப் பக்கத்தில் இரண்டும் கலந்த ஒன்று என்று வரும். இதைச் சரிசெய்ய 'தெளிவாக்கு' பொத்தானை அழுத்துவது இன்னும் மோசம். இல்லாத இறகை அது புதிதாக வரைந்து கொடுக்கும், அதுவும் நம்பும்படியாக.

நிறத்தில்தான் சண்டை அதிகம் வரும். மயில் கழுத்து என்பது ஒற்றை நிறமல்ல. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அசைக்க அசைக்க நீலமும் பச்சையும் மாறித் தெரியும். நீங்கள் கொடுத்தது ஒரு கோணத்தில் எடுத்த ஒரு படம். செயலி அதை ஒற்றை நீலமாக்கிவிடலாம், அல்லது மினுக்கம் எங்கே விழும் என்று ஊகிக்கலாம். மண்டபத்து விளக்கொளியைச் சேர்த்தால் அரக்கும் செம்மண் நிறத்துக்குப் போய்விடும். பட்டின் கனம், ஜரிகையின் தரம் இரண்டையும் அந்தப் படத்திலிருந்து சொல்லவே முடியாது. எந்தத் துணியைக் கொடுத்தாலும் அது செழிப்பாகத்தான் வரைகிறது.

அதை நம்பிக் கொடுக்கக்கூடிய வேலையும் உண்டு. பின்னணியை மட்டும் மாற்றச் சொல்லும்போது, சேலை இருக்கும் பகுதியைத் தொடாமல் விடும் செயலிகள் இருக்கின்றன. மேஜை மேலிருக்கும் பில் புத்தகத்தையும் டீ கிளாஸையும் அழிக்க, பின்னால் வெள்ளைச் சுவர் வைக்க அவை போதும். தொட்டதா இல்லையா என்று பார்ப்பதும் எளிது. இரண்டு படங்களையும் அருகருகே பெரிதாக்கி, ஒரு கரையிலிருந்து மறு கரை வரை புட்டாக்களை எண்ணுங்கள், அன்னமும் யாளியும் அதே வரிசையில் வருகின்றனவா என்று பாருங்கள். கணக்கு மாறினால் மறுபடி வரைந்திருக்கிறது என்று அர்த்தம்.

மாடல் படம் வேண்டுமென்றால் தாராளமாகப் போடுங்கள், 'கட்டினால் தோராயமாக இப்படி இருக்கும். கணினி வரைந்த படம்' என்று அதன்மேலேயே எழுதி. அடுத்து வரும் படங்கள் கைபேசியில் எடுத்தவையாக இருக்கட்டும்: முழுசாக விரித்த முந்தி, பக்கத்தில் டேப் வைத்த கரை, உடலின் நெருக்கப் படம், கோர்வை இணைப்பு தெரியும் பின்பக்கம். இரட்டை நிறச் சேலைக்குப் படம் போதாது. பகல் வெளிச்சத்தில் கையால் அசைத்து எடுத்த பத்து விநாடி வீடியோ ஒன்று வேண்டும்.

விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லையென்றால், ஆன்லைன் சந்தைத் தளம் வழியாக விற்பவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள். படத்தை வரைந்தது செயலிதான் என்றாலும், சேலையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான்.