48 லட்சத்துக்கு வாங்கிய காப்புரிமை எத்தனை ஆண்டு உழைக்கும்?

கோவையில் ஆழ்துளைக் கிணற்றுப் பம்புகள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக நானே அமைத்துக்கொண்ட நிறுவனம் இது. ஆனால் இதற்கு வரும் சிக்கல்கள் எல்லாம் உண்மையில் நடப்பவைதான். பம்புக்குள் மணல் புகாமல் தடுக்கும் ஒரு சீல் அமைப்பை வேறொருவர் கண்டுபிடித்து, 2014 ஏப்ரல் 1-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்துப் பெற்றிருக்கிறார். நம் நிறுவனம் அந்த உரிமையை 2022 ஏப்ரல் 1-ல் 48 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்குகிறது. இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்கும் முன், அந்த ஆண்டின் லாபம் 20 லட்சம்.

சேர்த்த பிறகு லாபம் எவ்வளவு? 16 லட்சம் என்றும் சொல்லலாம், 14 லட்சம் என்றும் சொல்லலாம், 8 லட்சம் என்றும் சொல்லலாம். அந்தக் காப்புரிமை 12 ஆண்டு உழைக்கும் என்று வைத்தால் ஆண்டுக்கு 4 லட்சம் செலவாகும். 8 ஆண்டு என்றால் 6 லட்சம், 4 ஆண்டு என்றால் 12 லட்சம். வங்கியிலிருந்து போன பணம் மூன்றிலும் ஒன்றுதான். லாபத்தை மாற்றுவது அந்த ஆண்டு எண்ணிக்கை மட்டுமே. அதனால்தான் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டாக வேண்டும்.

காப்புரிமை, மென்பொருள் உரிமம் போன்றவற்றைப் புலனாகாச் சொத்துகள் என்பார்கள். கையில் தொட முடியாது, ஆனால் பல ஆண்டுகள் வருமானம் ஈட்டித் தரும். அவற்றின் விலையை வாங்கிய ஆண்டிலேயே முழுச் செலவாக எழுதினால் அந்த ஆண்டு நட்டமாகத் தெரியும், அடுத்தடுத்த ஆண்டுகள் சும்மா வந்த லாபம்போலத் தெரியும். எனவே அவை பயன் தரும் காலம் முழுவதற்கும் விலையைப் பிரித்து, ஆண்டுதோறும் ஒரு பங்கைச் செலவாக எழுதுகிறார்கள். இயந்திரத்துக்குச் செய்தால் தேய்மானம். புலனாகாச் சொத்துக்குச் செய்தால் அமார்ட்டைசேஷன்.

ஆண்டு எண்ணிக்கைக்கு வருவோம். இந்தியாவில் ஒரு காப்புரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு செல்லும். நம் நிறுவனம் வாங்கியபோது 8 ஆண்டுகள் ஏற்கெனவே ஓடிவிட்டன. மிச்சம் இருப்பது 12. சட்டம் தரும் இந்த 12 ஆண்டு என்பது உச்ச வரம்புதான். அதைத் தாண்டி எழுதக் கூடாது. ஆனால் 12 ஆண்டும் அந்த சீலை வைத்துக் காசு பார்க்க முடியும் என்று சட்டம் உறுதி தரவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை. சான்றிதழில் இருக்கும் தேதியைப் பார்த்து, கழித்து, வகுத்து, வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள்.

சரியாகச் செய்பவர் தொழிற்கூடத்துக்குள் போய்க் கேட்பார். இதற்கு முன்பிருந்த சீல் வடிவமைப்பு எத்தனை ஆண்டு விற்றது? போட்டியாளர்கள் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதிய மாடல் கொண்டுவருகிறார்கள்? உத்தரவாதக் காலத்தில் பழுதாகித் திரும்பும் பம்புகள் இந்த சீலால் எவ்வளவு குறைந்தன? அந்த அனுகூலம் எவ்வளவு நாள் நிற்கும்? முந்தைய வடிவமைப்பு 7 ஆண்டு விற்றது, அதற்கு முந்தையது 9 ஆண்டு விற்றது என்று விற்பனைப் பதிவேடு காட்டினால், 8 ஆண்டு என்பது நியாயமான மதிப்பீடு. அந்தக் காரணத்தை எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். ஆடிட்டர் கேட்பது அந்தத் தாளைத்தான்.

இன்னொரு வேலியும் உண்டு. பங்குச் சந்தையில் இல்லாத, நிகர மதிப்பு 250 கோடிக்குக் குறைவான நிறுவனங்களில் பெரும்பாலானவை பழைய கணக்கியல் தரநிலைகளையே பின்பற்றுகின்றன. அவற்றில் புலனாகாச் சொத்துகளுக்கான 26-ஆம் தரநிலை, பயன் தரும் காலம் 10 ஆண்டுக்கு மேல் போகாது என்ற அனுமானத்தோடு தொடங்குகிறது. அதற்கு மேல் வைக்க விரும்பினால் வலுவான ஆதாரம் காட்ட வேண்டும், காரணத்தை வெளியிட வேண்டும், ஆண்டுதோறும் அந்தச் சொத்தின் மதிப்பைச் சோதித்தும் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கான இந்த் ஏஎஸ் 38-இல் இந்தப் பத்தாண்டு அனுமானம் இல்லை. நம் பம்பு நிறுவனம் 12 என்று எழுத நினைத்தால் இந்தத் தடை குறுக்கே நிற்கும்.

சட்டம் தரும் காலமும் பயன் தரும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் தொழிலும் உண்டு. மருந்துத் தொழில் அப்படி. ஃபைசர் நிறுவனத்தின் கொழுப்பு குறைக்கும் மாத்திரையான லிப்பிட்டாருக்கு அமெரிக்காவில் இருந்த காப்புரிமைப் பாதுகாப்பு 2011 நவம்பரில் முடிந்தது. அந்த ஆண்டு உலகெங்கும் அதன் விற்பனை சுமார் 960 கோடி டாலர். 2012-ல் அது 400 கோடி டாலருக்கும் கீழே வந்துவிட்டது. மருந்து மாறவில்லை, நோயும் மாறவில்லை. மற்றவர்கள் அதே மருந்தை மலிவாகத் தயாரித்து விற்க வழி திறந்தது, அவ்வளவுதான். அங்கே சான்றிதழின் தேதியே வருமானத்தின் தேதி. பம்பு சீலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. காப்புரிமை உயிரோடு இருக்கும்போதே அதைவிட நல்ல சீல் ஒன்று வந்துவிடலாம்.

8 ஆண்டு என்று முடிவானதும் கணக்கு எளிது. கடைசியில் விற்றால் ஏதாவது கிடைக்குமா என்றால், வேறொருவர் வாங்கிக்கொள்வதாக இப்போதே ஒப்பந்தம் போட்டிருந்தாலோ, அந்தச் சொத்துக்கென்று தொடர்ந்து விலை பேசும் சந்தை இருந்தாலோ தவிர, எஞ்சிய மதிப்பைச் சுழியம் என்றே வைக்க வேண்டும். ஆகவே 48-ஐ எட்டால் வகுத்து ஆண்டுக்கு 6 லட்சம். ஆண்டு முடிவில் அமார்ட்டைசேஷன் செலவுக் கணக்கில் 6 லட்சம் பற்று, திரண்ட அமார்ட்டைசேஷன் கணக்கில் 6 லட்சம் வரவு. பணம் எதுவும் வெளியே போகாது. 2025 மார்ச் 31-ல் மூன்று ஆண்டுகளுக்கான 18 லட்சம் கழிந்து, ஏட்டில் நிற்பது 30 லட்சம்.

அந்த நேரத்தில் போட்டி நிறுவனம் ஒன்று சீலே தேவைப்படாத புது வடிவமைப்போடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளர்கள் தயங்கத் தொடங்குகிறார்கள். இனி 3 ஆண்டு ஓடினால் பெரிது என்று உற்பத்தி மேலாளர் சொல்கிறார். இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. இரண்டாவதைப் பலர் செய்வதில்லை.

முதல் வேலை, காலத்தைத் திருத்துவது. பழைய ஆண்டுகளின் கணக்கைத் திறந்து மாற்றக் கூடாது. அன்று தெரிந்ததை வைத்து அன்று போட்ட மதிப்பீடு அது, பிழையல்ல. மிச்சமுள்ள தொகையை மிச்சமுள்ள மூன்று ஆண்டுக்குப் பிரிக்க வேண்டும். அப்படியானால் ஆண்டுக்கு 10 லட்சம்.

ஆனால் அதற்கு முன்பே இரண்டாவது கேள்வியைக் கேட்டாக வேண்டும்: அந்த 30 லட்சம் திரும்பக் கிடைக்குமா? இன்றைக்கே விற்றால் செலவு போக 15 லட்சம் கிடைக்கும். வைத்திருந்து பயன்படுத்தினால் மூன்று ஆண்டில் வரக்கூடிய பணத்தின் இன்றைய மதிப்பு 21 லட்சம். இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆக, சொத்தின் உண்மை மதிப்பு 21 லட்சம்தான். ஏட்டில் இருப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசமான 9 லட்சத்தை 2025 மார்ச் கணக்கிலேயே மதிப்பிழப்பாக எழுதிவிட வேண்டும். பிறகு 21 லட்சத்தை மூன்றால் வகுத்து ஆண்டுக்கு 7 லட்சம். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆண்டுக்கு 10 லட்சம் என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால், ஏற்கெனவே நடந்துவிட்ட நட்டத்தை மெதுவாக ஒப்புக்கொள்வதாகிவிடும். அந்த இடைவெளியில் கடன் கொடுக்கும் வங்கியும் பங்கு வாங்குபவரும் இல்லாத சொத்தை இருப்பதாக நம்புகிறார்கள். இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

காப்புரிமை இன்னொரு வழியிலும் சத்தமில்லாமல் செத்துப்போகும். மூன்றாம் ஆண்டிலிருந்து அதற்குப் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிவர வேண்டும். கட்டத் தவறி, ஆறு மாதக் கூடுதல் அவகாசமும் தாண்டினால் உரிமை காலாவதியாகிவிடும். காலாவதியான நாளிலிருந்து 18 மாதத்துக்குள் மீட்கக் கோரி விண்ணப்பிக்கலாம். தவறவிட்டால் அந்தக் கண்டுபிடிப்பை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். கட்டணம் கட்டுவது சட்டப் பிரிவின் வேலை, அமார்ட்டைசேஷன் எழுதுவது கணக்குப் பிரிவின் வேலை. ஒருவர் செய்யத் தவறியது மற்றவருக்குத் தெரியாமல், செத்துப்போன உரிமைக்கு ஆண்டுதோறும் பங்கு எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆண்டு முடிவில் கட்டண ரசீதைக் கேட்டு வாங்கினாலே இது தெரிந்துவிடும்.

மென்பொருளில் சிக்கல் வேறு மாதிரி. அதே நிறுவனம் கிடங்கையும் பில்லிங்கையும் இணைக்கும் மென்பொருளுக்கு நிரந்தர உரிமம் வாங்குகிறது. உரிமம் 15 லட்சம், நிறுவனத்துக்கு ஏற்ப அமைத்துச் சோதித்துத் தந்தவருக்கு 7 லட்சம், ஊழியர்களுக்குப் பயிற்சி 2 லட்சம். சொத்தாக ஏட்டில் ஏறுவது 22 லட்சம்தான். பயிற்சிச் செலவு அந்த ஆண்டோடு போய்விடும், ஏனென்றால் பயிற்சி பெற்ற ஊழியர் நிறுவனத்தின் உடைமையல்ல, நாளைக்கே வேறு வேலைக்குப் போகலாம். 5 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 4.4 லட்சம். மென்பொருள் பயன்பாட்டுக்குத் தயாரான நாள் அக்டோபர் 1 என்றால் முதல் ஆண்டுக்குப் பாதி, 2.2 லட்சம். பணம் கட்டிய நாளோ, முதல் பில் அடித்த நாளோ கணக்கில்லை. இடையில் யாரும் பயன்படுத்தாமல் கிடந்தாலும் எழுதுவதை நிறுத்தக் கூடாது.

ஆனால் அதே மென்பொருளை இணையம் வழியாக ஆண்டுச் சந்தாவுக்கு எடுத்தால், பொதுவாக அங்கே சொத்தே கிடையாது. அதை நம் கணினியில் எடுத்து வைத்துக்கொள்ளும் உரிமையோ, மற்றவர் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமையோ நமக்கு இல்லை. அது வாடகை வீடு மாதிரி. சந்தா அந்தந்த ஆண்டின் செலவு. நமக்கேற்ப அமைத்துத் தந்த செலவும் பெரும்பாலும் செலவாகவே போகும் என்று சர்வதேசக் கணக்கியல் விளக்கக் குழு 2021-ல் தெளிவுபடுத்தியது. 22 லட்சத்தை ஐந்தாண்டுக்குப் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்த நிறுவனம், சந்தாவுக்கு மாறியதும் அமைப்புச் செலவு முழுவதும் உடனே லாபத்தைக் கடிப்பதைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

வருமான வரிக்கு இந்த ஆண்டு எண்ணிக்கை எதுவும் பொருட்டல்ல. காப்புரிமைக்கு, குறைந்துவரும் மதிப்பில் 25 சதவீதம் என்று வரிச் சட்டம் விகிதம் வைத்திருக்கிறது. மென்பொருளுக்கு 40 சதவீதம். நம் காப்புரிமைக்கு முதல் ஆண்டு ஏட்டில் 6 லட்சம், வரிக் கணக்கில் 12 லட்சம். இரண்டும் வேறு வேறாக இருப்பது தவறல்ல.

ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கை கையில் கிடைத்தால், கணக்கியல் கொள்கைகள் என்ற பகுதியில் காப்புரிமைக்கும் மென்பொருளுக்கும் எத்தனை ஆண்டு என்று போட்டிருக்கும். பின்னால் குறிப்புகளில் புலனாகாச் சொத்து அட்டவணை இருக்கும்: ஆண்டுத் தொடக்கத்தில் எவ்வளவு, சேர்ந்தது எவ்வளவு, அந்த ஆண்டு எழுதியது எவ்வளவு, மதிப்பிழப்பு எவ்வளவு என்று. சென்ற ஆண்டின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாபம் குறையும் நிலையில் இருந்த ஆண்டில் 5 ஆண்டு என்பது 8 ஆண்டாக மாறியிருந்தால், காரணம் அதே குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், பங்குதாரர் கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.