1.74 என்ற விகிதத்தில் ஒரு தாங்கல் கரைசல்

பி.எச். 5-இல் நன்றாக வேலை செய்யும் ஒரு நொதியைச் சோதிக்க வேண்டும். வினை நடக்கும்போது கொஞ்சம் அமிலம் உருவாகும். ஆனாலும் பி.எச். அதிகம் நகரக் கூடாது. இதற்காகத் தயாரிப்பதுதான் தாங்கல் கரைசல்: அசிட்டிக் அமிலமும் அதன் இணை காரமான அசிட்டேட்டும் சேர்ந்தது. எதை எவ்வளவு சேர்ப்பது என்பதை ஹென்டர்சன்–ஹாசெல்பால்க் சமன்பாடு சொல்லும்:

pH = pKa + log (காரம் / அமிலம்)

இதில் pKa என்பது அந்த அமிலத்துக்கே உரிய எண். அசிட்டிக் அமிலத்துக்கு 4.76. நமக்கு வேண்டியது 5.00. வித்தியாசம் 0.24; 10-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் 1.74. ஒரு பங்கு அமிலத்துக்கு 1.74 பங்கு அசிட்டேட் இருக்க வேண்டும்.

ஒரு லிட்டரில் இரண்டும் சேர்ந்து 100 மில்லிமோல் என்று கொள்வோம். பிரித்தால் அமிலம் 36.5, அசிட்டேட் 63.5. இதற்குத் தூய அசிட்டிக் அமிலம் சுமார் 2.1 மில்லிலிட்டரும், நீர் மூலக்கூறுகள் மூன்று கொண்ட சோடியம் அசிட்டேட் 8.64 கிராமும் தேவை. புட்டியின் லேபிளை இங்கே கட்டாயம் படிக்க வேண்டும். நீரற்ற உப்புக்கான 5.21 கிராம் கணக்கைப் போட்டுவிட்டு, நீருள்ள உப்பை அதே எடைக்கு எடுத்தால் அசிட்டேட் 38 மில்லிமோல்தான் கிடைக்கும், பி.எச். 4.8-க்கு அருகில் நின்றுவிடும்.

உப்பை முதலில் சுமார் 800 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, அமிலத்தைச் சேர்த்துக் கலக்கி, அளவீடு சரிபார்த்த பி.எச். மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும் மீட்டர் 4.9 போலத்தான் காட்டும். பலர் இங்கே மீட்டரைச் சந்தேகிக்கிறார்கள். காரணம் வேறு. சமன்பாட்டில் நாம் போட்டது செறிவுகளை. கரைசலில் அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அசிட்டேட் தன் செறிவைவிடச் சற்றுக் குறைவாகவே செயல்படுகிறது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு 5.00-க்குக் கொண்டுவந்து, பிறகு ஒரு லிட்டர் கோடு வரை நீர் ஊற்றினால் போதும். நீரைக் கோடு வரை முதலிலேயே ஊற்றிவிட்டால் திருத்துவதற்கு இடமிருக்காது.

இனி இதில் 10 மில்லிமோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விழுந்தால் என்ன ஆகும்? அசிட்டேட் அதைப் பிடித்துக்கொண்டு அசிட்டிக் அமிலமாக மாறும். 63.5 என்பது 53.5 ஆகும், 36.5 என்பது 46.5 ஆகும். புதிய விகிதம் 1.15. பி.எச். சுமார் 0.18 மட்டுமே இறங்கும். அதே அமிலம் ஒரு லிட்டர் வெறும் நீரில் விழுந்திருந்தால் பி.எச். 2-க்குப் போயிருக்கும்.

இதே ஜோடியை வைத்து பி.எச். 7-க்கும் கணக்குப் போடலாம். விகிதம் 174 என்று வரும். அப்போது 100 மில்லிமோலில் அமிலம் 0.6 கூட இருக்காது. ஒரு மில்லிமோல் காரம் விழுந்தாலே அது தீர்ந்து, பி.எச். எகிறிவிடும். அதனால் 7-க்கு அருகில் வேண்டுமென்றால், pKa 7.2 உள்ள பாஸ்பேட் ஜோடியை எடுக்கிறார்கள்.