உங்களுக்குத் தெரியுமா? பரிசு வாங்க பின் நம்பர் தேவையில்லை!

பனித்திட்டில் ஒருவர் ஃபேஸ்புக்கில் ஒரு ஸ்கிராட்ச் கார்டு விளம்பரத்தைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விரலால் சுரண்டினால் ‘₹1,999 கேஷ்பேக்’ என்று வருகிறது. ‘பெற்றுக்கொள்’ பட்டனைத் தொட்டதும் அவருடைய ஃபோனில் இருக்கும் நிஜமான யுபிஐ ஆப்பே திறந்து, பின் நம்பரைக் கேட்கிறது. ஆப் அசல்தான், பரிசுதான் போலி. அந்தப் பட்டனில் இருக்கும் லிங்க், மோசடிக்காரரின் கணக்குக்கு ₹1,999 அனுப்பும் கட்டளை. பின் நம்பரைப் போட்டால் பணம் வராது, போய்விடும்.

பின் நம்பர் கேட்கும் திரையில் தொகையும் பெறுபவர் பெயரும் இருக்கும். அங்கே முன்பின் தெரியாத பெயர் இருந்தால் உடனே வெளியேறிவிடுங்கள்.

ஆப்புக்குள் கிடைக்கும் உண்மையான கேஷ்பேக், பின் நம்பர் இல்லாமலே கணக்கில் சேரும். பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும் பின் நம்பர் வேண்டும், வாங்க வேண்டாம்.

தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் ‘கலெக்ட் ரிக்வெஸ்ட்’ வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது. ஆனால் இதுபோன்ற லிங்க்கும் க்யூஆர் கோடும் இன்னும் வேலை செய்கின்றன.

பணம் போய்விட்டதா? தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். எடுக்கப்படுமுன் அந்தப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.