பென் டிரைவில் போட்டாச்சு, ஏன் பூட் ஆகவில்லை?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய பிராசஸரையும் கேட்கிறது. 2015, 2016 வாக்கில் வாங்கிய லேப்டாப்புகள் பெரும்பாலும் இந்தத் தேர்வில் தேறுவதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் தூக்கிப்போட மனமில்லாத பலர், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்கலாமே என்று நினைக்கிறார்கள்.

மின்ட் இணையதளத்தில் கிடைப்பது `linuxmint-22.2-cinnamon-64bit.iso` என்பதுபோன்ற ஒரே ஒரு கோப்பு, சுமார் 3 ஜிபி. அதை டவுன்லோட் செய்து, பென் டிரைவில் காப்பி செய்து, லேப்டாப்பில் செருகி ரீஸ்டார்ட் செய்கிறார்கள். எதுவுமே நடக்காததுபோல மறுபடியும் விண்டோஸ்தான் வந்து நிற்கும். கோப்பிலும் குறையில்லை, பென் டிரைவிலும் குறையில்லை. கோப்பை வைத்த விதம்தான் தவறு.

கணினியை ஆன் செய்ததும் முதலில் விழிப்பது மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேர் என்ற சிறு நிரல். அதற்குத் தெரிந்தது மிகக் குறைவு. பழைய பயாஸ் முறையில் அது டிரைவின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படித்து, அங்கே தொடக்க நிரல் இருந்தால் ஓடவிடும். இப்போது பரவலாக உள்ள யூஇஎஃப்ஐ முறையில், ஃபேட் வகையில் ஃபார்மேட் செய்த பகுதியைத் தேடி, அதற்குள் `\EFI\BOOT\BOOTX64.EFI` என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டும் இல்லையென்றால் அந்த டிரைவைக் கடந்து போய்விடும். நாம் காப்பி செய்த ஐஎஸ்ஓ-வுக்குள் இவை இரண்டுமே இருக்கின்றன. ஆனால் ஃபர்ம்வேருக்கு ஐஎஸ்ஓ-வைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. விதைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே மண்ணில் புதைத்தால் எப்படி முளைக்கும்?

ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிஸ்க்கின் அச்சு அசல் நகல். 1988-இல் சிடிகளுக்காக வந்த ஐஎஸ்ஓ 9660 என்ற தரத்தின் பெயர்தான் இதற்கு ஒட்டிக்கொண்டது. அந்தத் தரம் டிஸ்க்கின் முதல் 32,768 பைட்டுகளைத் தொடாமல் காலியாக விட்டிருந்தது. பிற்காலத்தில் லினக்ஸ் உலகத்தார் அந்தக் காலி இடத்தைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளில் இருக்கவேண்டிய தொடக்க நிரலை அங்கே வைத்துவிட்டார்கள். அதனால் ஒரே கோப்பை டிவிடியில் எழுதினாலும் பூட் ஆகும், பென் டிரைவில் எழுதினாலும் பூட் ஆகும். இவற்றை ஹைப்ரிட் ஐஎஸ்ஓ என்பார்கள். மின்ட், உபுண்டு, டெபியன் எல்லாம் இந்த வகை.

எழுதும் முன் திறந்து பார்க்கலாம்

பென் டிரைவைத் தொடுவதற்கு முன்பே ஐஎஸ்ஓ-வுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட முடியும். இதற்குத்தான் மவுன்ட் செய்வது என்று பெயர். விண்டோஸ் 8 முதல் இது இயங்குதளத்திலேயே இருக்கிறது. கோப்பை டபுள் கிளிக் செய்தால் டிவிடி ஒன்றைச் செருகியதுபோல புதிய டிரைவ் ஒன்று தோன்றும். வேறு மென்பொருளில் திறந்துகொண்டால், ரைட் கிளிக் செய்து `Mount` என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

மின்ட் ஐஎஸ்ஓ-வைத் திறந்தால் `EFI`, `boot`, `casper` போன்ற ஃபோல்டர்கள் தெரியும். `casper`-க்குள் இருக்கும் `filesystem.squashfs` என்ற ஒரே கோப்புதான் மொத்த அளவில் பெரும்பங்கு. இயங்குதளம் முழுவதும் அதற்குள் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. இந்தத் தற்காலிக டிரைவைப் படிக்க மட்டுமே முடியும், எதையும் மாற்ற முடியாது. வேலை முடிந்ததும் ரைட் கிளிக் செய்து `Eject` கொடுத்தால் மறைந்துவிடும்.

மவுன்ட் செய்வதால் பென் டிரைவில் எதுவும் ஏறாது. ஆனால் விண்டோஸ் ஐஎஸ்ஓ-வாக இருந்தால் இந்த நிலையிலேயே ஒரு பயன் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் மவுன்ட் செய்து `setup.exe`-யை இயக்கினால் பென் டிரைவே இல்லாமல் அப்கிரேடு செய்யலாம். வேறொரு இயங்குதளத்தைப் புதிதாகப் போடுவதற்கு அந்த வழி உதவாது. கணினியைப் பென் டிரைவிலிருந்து எழுப்பித்தான் ஆகவேண்டும்.

டவுன்லோட் சரியாக வந்ததா?

3 ஜிபி கோப்பு இறங்கும்போது நடுவில் இணைப்பு தடுமாறினால், கடைசிவரை இறங்கியதுபோலத் தோன்றினாலும் உள்ளே சில பைட்டுகள் கெட்டிருக்கலாம். மின்ட் தளத்தில் ஐஎஸ்ஓ-வோடு `sha256sum.txt` என்ற சிறு கோப்பையும் தருகிறார்கள். அதில் 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகை இருக்கும். நம் கோப்பின் கைரேகையை விண்டோஸின் கட்டளைத் திரையில் இப்படிக் கணக்கிடலாம்:

```
certutil -hashfile linuxmint-22.2-cinnamon-64bit.iso SHA256
```

இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். ஒரு பைட் மாறியிருந்தாலும் கைரேகை அடியோடு வேறாக வரும். அப்படி வந்தால் மறுபடி டவுன்லோட் செய்வது ஒன்றுதான் வழி.

இது கெட்டுப்போன கோப்பைப் பிடிக்கும், ஏமாற்று வேலையை எப்போதும் பிடிக்காது. 2016 பிப்ரவரி 20-ஆம் தேதி லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்த ஒருவர், 17.3 சினமன் பதிப்பின் டவுன்லோட் இணைப்பை, கள்ளவழி பொருத்திய ஐஎஸ்ஓ ஒன்றுக்குத் திருப்பிவிட்டார். தளத்தையே மாற்ற முடிந்தவரால் அங்கே அச்சிட்ட கைரேகையையும் மாற்ற முடியும். அதனால்தான் `sha256sum.txt.gpg` என்று டிஜிட்டல் கையெழுத்துக் கோப்பையும் சேர்த்துத் தருகிறார்கள். கூடுதல் நம்பகம் வேண்டுவோர் அதையும் சரிபார்க்கலாம்.

எழுதும் வேலை

விண்டோஸிலிருந்து எழுத ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் போதும். நம் வேலைக்கு 8 ஜிபி பென் டிரைவ் தாராளம். அதில் இருக்கும் எல்லாமே அழிந்துவிடும் என்பதால் படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ரூஃபஸைத் திறந்ததும் மேலே `Device` என்ற இடத்தில் உங்கள் பென் டிரைவ்தான் இருக்கிறதா என்று அளவை வைத்து உறுதி செய்யுங்கள். `SELECT` பொத்தானை அழுத்தி ஐஎஸ்ஓ-வைக் காட்டுங்கள். மற்ற அமைப்புகளை ரூஃபஸே நிரப்பிக்கொள்ளும், அப்படியே விட்டுவிடலாம். `START` அழுத்தியதும், இது ஹைப்ரிட் ஐஎஸ்ஓ, எந்த முறையில் எழுதட்டும் என்று கேட்கும்.

ஒன்று, ஐஎஸ்ஓ முறை. பென் டிரைவை ஃபார்மேட் செய்து, ஐஎஸ்ஓ-வைப் பிரித்து உள்ளே இருக்கும் கோப்புகளை வைத்து, பூட் ஆவதற்கான நிரலையும் பொருத்தும். எழுதிய பிறகும் விண்டோஸில் அது சாதாரணப் பென் டிரைவாகவே தெரியும். இன்னொன்று டிடி முறை. ஐஎஸ்ஓ-வின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்வரை அப்படியே பென் டிரைவின் முதல் பைட்டிலிருந்து பதிக்கும். ரூஃபஸ் பரிந்துரைப்பது முதல் முறையைத்தான். அதில் எழுதியது பூட் ஆகாமல் அடம்பிடித்தால் டிடி முறையில் எழுதிப் பாருங்கள்.

லினக்ஸிலிருந்து எழுதுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது முறைதான் வழக்கம்:

```
lsblk -d -o NAME,SIZE,MODEL,TRAN
sudo dd if=linuxmint-22.2-cinnamon-64bit.iso of=/dev/sdX bs=4M status=progress conv=fsync
```

முதல் வரி டிரைவுகளைப் பட்டியலிடும். அதில் `usb` என்று காட்டும் டிரைவின் பெயரைத்தான் `sdX` இருக்கும் இடத்தில் போடவேண்டும். தவறி ஹார்ட் டிஸ்க்கின் பெயரைப் போட்டால் `dd` ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அதை மேலெழுதிவிடும். கடைசியில் உள்ள `conv=fsync`-க்கும் காரணம் உண்டு. அது இல்லையென்றால், தரவு இன்னும் மெமரியில் காத்திருக்கும்போதே வேலை முடிந்ததாகத் திரை சொல்லிவிடும். அந்த நேரத்தில் பிடுங்கிய பென் டிரைவில் பாதிதான் இருக்கும்.

பூட் செய்யும்போது

பென் டிரைவைச் செருகி, லேப்டாப்பை ஆன் செய்தவுடன் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். டெல், லெனோவோ மெஷின்களில் பொதுவாக `F12`, ஹெச்பியில் `F9`, அசூஸ் லேப்டாப்புகளில் `Esc`. வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட்டின் மெனு தோன்றும்.

பட்டியலில் பென் டிரைவே இல்லையென்றால் எழுதிய முறையைச் சந்தேகியுங்கள். பெயர் வந்தும் செக்யூர் பூட் தொடர்பான எச்சரிக்கையோடு நின்றால், ஃபர்ம்வேர் அமைப்பில் அதைத் தற்காலிகமாக அணைத்துப் பார்க்கலாம். மெனு வந்து, பிறகு `SQUASHFS error` என்று வரிவரியாக ஓடினால், பெரிய கோப்பு சரியாகப் படிக்க வரவில்லை என்று பொருள். டவுன்லோட் கெட்டிருக்கும், அல்லது பென் டிரைவ் மோசம். கைரேகை ஏற்கெனவே ஒத்துப்போயிருந்தால் வேறு பென் டிரைவில் எழுதுவதுதான் தீர்வு. திரை கறுப்பாகவே நின்றால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான் காரணம். மெனுவில் `compatibility mode` என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

டிடி முறையில் எழுதிய பென் டிரைவை விண்டோஸில் செருகினால், ஃபார்மேட் செய்யவேண்டும் என்று கேட்கும், அல்லது சில எம்பி மட்டுமே காட்டும். பயப்பட வேண்டாம், பென் டிரைவ் கெடவில்லை. விண்டோஸுக்குப் புரியாத அமைப்பு அதில் இருக்கிறது, அவ்வளவுதான். மின்ட் போட்டு முடியும்வரை அந்த ஃபார்மேட் கோரிக்கையை மறுத்துவிடுங்கள். பிறகு ரூஃபஸிலேயே `Non bootable` என்பதைத் தேர்ந்தெடுத்து எழுதினால் முழு அளவும் திரும்பிவிடும்.

பென் டிரைவிலிருந்து எழும் மின்ட், நீங்களாகச் சொல்லாதவரை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் எதையும் நிறுவாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். விண்டோஸ் டிரைவில் உள்ள உங்கள் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்குக் காப்பி எடுங்கள். அதற்குப் பிறகே நிறுவும் ஐகானைத் தொடுங்கள். அங்கே வரும் `Erase disk and install Linux Mint` என்ற தேர்வு, சொன்னதைச் சொன்னபடி செய்துவிடும்.