முதற்பாடப் புத்தகத்தில் எழுத்தின் உருவும் அளவும்

தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தலைநகரில் நடத்திவரும் ஏழு பள்ளிகளுள் ஒன்றில் சேரும் சிறு குழந்தை, வீட்டில் தாய்மொழியைச் சரளமாகப் பேசினாலும், தெருப்பலகையிலும் பஸ்ஸின் நெற்றியிலும் தேவநாகரியையும் ஆங்கிலத்தையுமே கண்டு வளர்வதால், தமிழ் எழுத்து எப்படியிருக்கும் என்பதைப் பெரும்பாலும் பாடப்புத்தகம் ஒன்றிலிருந்தே அறிந்துகொள்கிறது. சென்னைக் குழந்தைக்குக் கடைப்பலகையும் சுவரொட்டியும் செய்யும் உபகாரம் இதற்குக் கிடைப்பதில்லை. எனவே, அப்புத்தகத்தை எந்த எழுத்துருவில், எந்த அளவில், எவ்வளவு வரியிடைவெளியில் அச்சிடுவது என்பது இங்கே மிகவும் கவனத்துடன் தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுப்போர் முதலில் பரீட்சிக்க வேண்டியது ‘ர’ என்னும் எழுத்தை. துணைக்காலினின்று அதை வேறுபடுத்துவது அடியிலுள்ள சாய்ந்த கால் ஒன்றுதான். ஆனால் அச்சுலகில் நெடுங்காலமாக வழங்கிவரும் மரபின்படி ர், ரி, ரீ ஆகிய மூன்றிலும் அக்கால் நீங்கிவிடுவதால், துணைக்காலின் தலைமேல் புள்ளியோ விசிறியோ வைத்த ரூபமே எஞ்சுகிறது. படித்துப் பழகிய நாம் சொல்லை முழுதாகவே பார்ப்பதால் இதைக் கவனிப்பதில்லை. நேற்றுத்தான் காலோடு கூடிய ‘ர’வைக் கற்ற குழந்தையோ, ‘அவர்’ என்ற சொல்லில் வந்து நின்று, இது துணைக்கால் ஆயிற்றே, இதற்கு மேல் புள்ளி எப்படி வந்தது என்று திகைக்கிறது. பள்ளிப் புத்தகங்களில் கால் நீங்காத வடிவமே வர வேண்டுமென்று சில அரசு அமைப்புகள் விதித்திருக்கின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெரும்பாலான வெளியீடுகள் அவ்வாறே அச்சாகின்றன. இலங்கையோ கால் நீங்கிய வடிவத்தையே நியமமாகக் கொண்டிருக்கிறது. பெரியவர்களுக்கான நூலில் எது வந்தாலும் பாதகமில்லை. முதற்பாடத்தில் கால் இருந்தே தீர வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். எகர ஏகாரங்களைப் பிரிக்கும் சிறு கோடும், ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள பேதமும் இதே விதமாகச் சோதிக்கத் தக்கவை.

அடுத்தது அளவு. இருபத்துநான்கு பாயிண்ட் என்றால் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். ஆயினும் அது எழுத்து அமரும் கட்டத்தின் உயரமேயன்றி எழுத்தின் உயரமன்று. எழுத்துருவுக்கு எழுத்துரு இவ்விரண்டின் விகிதம் மாறுவதால், ஒரே பாயிண்டில் அடித்த இரண்டு மாதிரிகளில் ‘ப’ ஒன்றில் பெரிதாகவும் மற்றொன்றில் சிறுத்தும் தோன்றும். ஆகையால் கணினி காட்டும் எண்ணை நம்பாமல், அச்சான தாளில் ‘ப’வின் உயரத்தை அளவுகோல் வைத்து அளப்பதே முறை; அது நான்கு மில்லிமீட்டருக்குக் குறையாதிருப்பது நலம்.

வரியிடைவெளியில்தான் தமிழின் தனிச் சிரமம் வெளிப்படுகிறது. ‘பூனை கூடையில் தூங்கியது’ என்று ஒரு வரியும், அதன் கீழே ‘மீன் நீரில் நீந்தியது’ என்று மறு வரியும் இருப்பதாகக் கொள்வோம். மேல்வரியில் பூ, கூ, தூ மூன்றின் வால்களும் கீழ்நோக்கி இறங்க, கீழ்வரியில் மீ, நீ முதலியவற்றின் சுழிகளும் மெய்களின் புள்ளிகளும் மேல்நோக்கி எழுகின்றன. பக்க அமைப்பு மென்பொருள் தானாகக் கொடுப்பது வழக்கமாக எழுத்தளவோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிய இடைவெளிதான். இருபத்துநான்கு பாயிண்ட் எழுத்துக்கு அது இருபத்தெட்டு புள்ளி எட்டு பாயிண்ட். ஆங்கிலத்துக்குப் போதுமான அவ்வளவில், தமிழில் வாலும் புள்ளியும் நெருங்கி, புள்ளி மேல்வரிக்கு உரியதோ கீழ்வரிக்கு உரியதோ என்ற சந்தேகம் குழந்தைக்கு எழ இடமுண்டு. முப்பத்தாறு பாயிண்டாக்கினால் இரண்டரை மில்லிமீட்டர் வெள்ளை கூடுகிறது. போதுமா என்று அறிய, இரு வரிகளுக்கும் நடுவே எந்த எழுத்தின்மேலும் படாமல் பென்சிலால் ஒரு நேர்கோடு இழுத்துப் பார்க்கலாம்; கோடு தாராளமாக ஓடினால் சரி. அதற்காக இரட்டிப்பாக்கிவிட்டால், ஒரே வாக்கியம் இரு வரிகளில் மடங்கும்போது அவை தொடர்பற்றவைபோலத் தோன்றும்.

குழந்தைகளுக்கென்று எழுத்துகளை அகலப் பரப்பி வைக்கும் ஆங்கில வழக்கத்தை மட்டும் அப்படியே பின்பற்றலாகாது. ‘கொ’ என்பது மூன்று உறுப்புகளாலான ஓர் எழுத்து; பரப்பினால் கொம்பும் ககரமும் காலும் தனித்தனியே நிற்க, குழந்தை அவற்றை மூன்றெழுத்தாக எண்ணும். எழுத்துகளை நெருக்கமாகவும் சொற்களை விலக்கியும் வைத்து, வரியின் வலப்பக்கத்தைச் சமப்படுத்தாமல் விட்டுவிடுவதே தக்கது. நீண்ட சொற்கள் மலிந்த தமிழில் இருபுறமும் சமப்படுத்தினால் வரியின் நடுவே பொத்தல்கள் விழும்.

பாடநூல் தயாரிக்கும் ஆசிரியர்களும் பதிப்பகத்தாரும் திரையில் பார்த்துச் சம்மதம் கொடுத்துவிடாமல், புத்தகத்துக்கு உத்தேசித்த தாளிலேயே, உண்மை அளவில் ஒரு பக்கத்தை அச்சிட்டு, முதல் வகுப்புக் குழந்தை ஒன்றை வாசிக்கச் சொல்லி, அது எந்த எழுத்தில் நிற்கிறதென்று குறித்துக்கொண்ட பிறகே அச்சகத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.